படம் படமாக மொழிபெயர்க்காதீர்கள்

"படம் வர வர முடித்து அனுப்புங்கள். சொற்களை எல்லாம் கடைசியில் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளலாம்." சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்கும் எவரும் இதைக் கேட்டிருப்பார்கள். வேலை கொடுப்பவர் சொல்வார், வேலையைப் பங்கிட்டுத் தரும் அலுவலகம் சொல்லும், அனுபவம் உள்ள மொழிபெயர்ப்பாளர்களே புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். செல்பேசியில் எடுத்த படங்களாக ஆவணங்கள் வரத் தொடங்கிய பிறகு இது தொழிலின் வழக்கமாகவே ஆகிவிட்டது. இது தவறான வழக்கம். சில ஆவணங்களில் தவறு, சிலவற்றில் பரவாயில்லை என்றுகூடச் சொல்ல மாட்டேன். இலக்கணமிட்ட சொற்களைக் கொண்டு எழுதப்படும் எந்த நீண்ட ஆவணத்துக்கும் இது பொருந்தாது.

முதலில் அந்த வாதத்தை அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். ஒரு பக்கம் ஒரு படம். ஒரு படம் என்பது கையில் பிடித்து முடிக்கத்தக்க வேலை. எல்லாப் படங்களும் வரும்வரை காத்திருந்தால் அரை நாள் வீணாகும். ஒரே பொருளுக்கு இரண்டு இடங்களில் இரண்டு சொற்கள் விழுந்துவிட்டால், கணினியில் தேடி மாற்றும் வசதி இருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்து இன்னொன்றை வை என்றால் நொடியில் வைத்துவிடும். ஆகவே சொல் ஒருமை என்பது கடைசி வேலை, முதல் வேலை அல்ல. இப்படி யோசிப்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். தட்டச்சான கோப்பில் வேலை செய்து பழகியவர்கள், அந்தப் பழக்கத்தைப் படங்களுக்கும் கொண்டுவருகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மாதிரி ஆவணத்தை வைத்துப் பேசுவோம். ஊருக்குள் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தை ஒரு நிறுவனத்துக்கு ஐந்தாண்டுக்கு விடும் ஆங்கிலக் குத்தகைப் பத்திரம். உரிமையாளரான பெரியவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கையெழுத்துப் போட்டதில் என்ன இருக்கிறது என்று தமிழில் தெரிந்துகொள்ள விரும்புகிறார். அவருடைய பேரன் தாள்களை மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். மொத்தம் 31 படங்கள். காலையில் 12, மதியம் 10, மாலையில் மீதி.

நான்காவது படத்தில் 'செக்யூரிட்டி டெபாசிட்' வருகிறது. குத்தகைக்கு எடுப்பவர் 6,00,000 ரூபாய் கட்ட வேண்டும். குத்தகை முடிந்து இடத்தைக் காலிசெய்யும்போது வட்டியில்லாமல் திருப்பித் தரப்படும். எந்த மாத வாடகையிலும் இதைக் கழித்துக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் இந்தத் தொகையை எல்லாரும் 'அட்வான்ஸ்' என்றுதான் சொல்கிறோம். எழுத்துத் தமிழில் அது 'முன்பணம்'. படம் படமாக முடிப்பவர் இங்கே 'முன்பணம்' என்று எழுதிவிட்டு நகர்வார். அந்தப் படத்தை மட்டும் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெரியவருக்கும் அந்தச் சொல் உடனே புரியும்.

பதினோராவது படத்தில் இன்னொரு பணம் வருகிறது. கையெழுத்திடும் நாளில் ஒரு மாத வாடகையான 60,000 ரூபாயை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அதை முதல் மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆங்கிலப் பத்திரம் இதை 'அட்வான்ஸ்' என்கிறது. அகராதியும் பேச்சு வழக்கும் இதற்குக் கொடுக்கும் சொல் 'முன்பணம்'. அந்தச் சொல் ஏற்கெனவே வேறொரு தொகைக்குப் போய்விட்டது. ஆனால் நான்காவது படத்தை முடித்துக் காலையிலேயே அனுப்பியாகிவிட்டது; இடையில் ஆறு படங்கள் கடந்துவிட்டன. எதற்கு எந்தச் சொல் போட்டோம் என்பது நினைவில் இல்லை. இங்கேயும் 'முன்பணம்' விழுகிறது.

இப்போது பெரியவர் கையில் உள்ள தமிழ்ப் பத்திரத்தை வாசித்துப் பாருங்கள். ஓரிடத்தில் முன்பணத்தை வாடகையில் கழிக்கக் கூடாது. இன்னோரிடத்தில் முன்பணத்தை முதல் மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம். பத்தொன்பதாவது படத்தில், இடத்துக்குச் சேதம் ஏற்பட்டிருந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு. அது எந்த முன்பணம்? 6 லட்சத்திலா, 60,000-த்திலா? பத்திரமே முரண்படுகிறது, எழுதிய வக்கீல் ஏமாற்றிவிட்டார் என்று அவர் நினைப்பார். மூலத்தில் முரண்பாடு எதுவும் கிடையாது.

கடைசியில் தேடி மாற்றலாம் என்பவர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள்? ஒரு பொருளுக்கு இரண்டு சொற்கள் விழுந்திருந்தால் தேடினால் அகப்படும். 'குத்தகைதாரர்' 20 இடத்தில், 'வாடகைதாரர்' ஏழு இடத்தில் என்று கணினி எண்ணிக் காட்டும். ஆனால் இரண்டு பொருளுக்கு ஒரே சொல் விழுந்திருந்தால் தேடி என்ன கிடைக்கும்? எல்லா இடத்திலும் 'முன்பணம்' என்றே இருக்கும். பார்க்க அழகாக, ஒருமையாக இருக்கும். சரிபார்ப்பவர் தமிழ்ப் பிரதியை மட்டும் வாசித்தால் சொல் மாறாமல் வந்திருக்கிறது என்று பாராட்டவும் செய்வார். வேறுபாடு மொழிபெயர்ப்பில் அழிந்துபோய்விட்டது. அழிந்ததைத் தேடுவதற்குச் சொல் இல்லை. அதை மீட்க ஒரே வழி மூலத்துக்குத் திரும்பிப் போவது. மூலமோ படங்கள்.

தட்டச்சுக் கோப்பாக இருந்தால் மூலத்தில் ஆங்கிலச் சொல்லைத் தேடி, அது வரும் ஒன்பது இடத்தையும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். படத்தில் தேட முடியாது. எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் இருக்கின்றன, ஆனால் முத்திரைத்தாளில் எழுத்தின் மேல் விழுந்த சார்பதிவாளர் முத்திரையும், சாய்ந்த படமும், மடிப்பில் விழுந்த நிழலும் சேர்ந்து சரியாக முக்கியமான வரியையே தின்றுவிடும். ஆகவே 31 படங்களையும் மறுபடி கண்ணால் வாசிக்க வேண்டும். தொடக்கத்தில் மிச்சப்படுத்தியதாக நினைத்த நேரம் இங்கே போகிறது, வேலை அனுப்பிய பிறகு, பதற்றத்தோடு.

சரி, தேடி மாற்றுவது உதவும் என்று ஒப்புக்கொண்ட முதல் வகைக்காவது அது முழுதாக உதவுமா? ஆங்கிலத்துக்கு ஓரளவு உதவும். தமிழுக்கு உதவாது. 'முன்பணம்' என்பதைக் 'காப்புத்தொகை' என்று மாற்றச் சொல்லுங்கள். எழுவாயாக வரும் இடங்கள் மட்டும் மாறும். முன்பணத்தை, முன்பணத்திலிருந்து, முன்பணத்துக்கு எதுவும் மாறாது, ஏனென்றால் அங்கே மகர ஒற்று போய் அத்துச் சாரியை வந்துவிட்டது. 'முன்பண' என்று அடிச்சொல்லை மட்டும் கொடுத்து மாற்றினால் 'காப்புத்தொகைத்தை' என்று ஒரு சொல் பிறக்கும். ஒவ்வொரு வேற்றுமைக்கும் தனித்தனியாக மாற்றினாலும் முன்னால் நிற்கும் சொல் சும்மா இருக்காது. 'அந்த முன்பணம்' என்பது 'அந்தக் காப்புத்தொகை' ஆக வேண்டும். திருப்பி மாற்றினால் 'அந்தக் முன்பணம்' என்று ஒற்று தொங்கிக்கொண்டு நிற்கும். இப்படித் தொங்கும் ஒற்றுகளை அச்சான தமிழ்ப் பத்திரங்களில் பார்க்கும்போதெல்லாம், அங்கே கடைசி நேரத்தில் ஒரு சொல் மாற்றப்பட்டிருக்கலாம் என்று ஊகிக்கலாம்.

கணினிக்குள்ளும் ஒரு கண்ணி உண்டு. 'தொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் பதிவாகலாம், இரண்டு குறியீடுகளாகவும் பதிவாகலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எல்லா மென்பொருளும் இரண்டையும் ஒன்றாகக் கொள்வதில்லை. இரண்டு பேர் இரண்டு விசைப்பலகையில் அடித்த பகுதிகளைச் சேர்த்த கோப்பில் 'காப்புத்தொகை' என்று தேடினால், பாதி இடங்கள் அகப்படாமலே 'மாற்றி முடித்தாயிற்று' என்ற செய்தி வரலாம். அந்தச் செய்தியை நம்பித்தான் கோப்பு வெளியே போகிறது.

அடுத்து, ஒரு படம் என்பது ஒரு வேலை என்ற எண்ணம். பேரன் தாளை எங்கே வைத்துப் பிடித்தான் என்பதற்கும் பத்திரத்தின் அமைப்புக்கும் எந்த உறவும் இல்லை. பத்திரம் தன் சொற்களுக்குத் தானே பொருள் சொல்லும், ஆனால் அதைத் தொடக்கத்திலேயே முழுதாகச் சொல்லிவிடாது. நம் மாதிரியில் மூன்றாவது படத்தில் 'பிராப்பர்ட்டி' என்றும் 'பிரிமைசஸ்' என்றும் இரண்டு சொற்கள் வருகின்றன. இரண்டுக்கும் 'கீழே அட்டவணையில் விவரித்துள்ளபடி' என்பதைத் தவிர விளக்கமில்லை. அட்டவணை இருபத்தெட்டாவது படத்தில். அங்கே போனால்தான் தெரிகிறது: அ அட்டவணை என்பது மனையும் அதன் மேலுள்ள இரண்டு மாடிக் கட்டடமும் முழுவதும், ஆ அட்டவணை என்பது அதில் தரைத்தளத்தில் 1,850 சதுர அடி மட்டும். முதலாவது 'பிராப்பர்ட்டி', இரண்டாவது 'பிரிமைசஸ்'. சொத்துவரி முதலாவதற்கு, அது உரிமையாளர் பொறுப்பு. பழுதுபார்ப்பு இரண்டாவதற்கு, அது குத்தகைக்கு எடுத்தவர் பொறுப்பு. மூன்றாவது படத்தோடு நின்று இரண்டையும் 'கட்டடம்' என்று எழுதியவர், மொட்டைமாடி ஒழுகினால் அதையும் தரைத்தளத்துக்காரரே சரிசெய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு புதுக் கடமையை உண்டாக்கிவிட்டார். பத்திரம் அப்படிச் சொல்லவில்லை.

அசையாச் சொத்து பற்றிய பத்திரத்தில் சொத்தை அடையாளம் காணும்படி விவரிக்க வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமே கேட்கிறது. அந்த விவரம் வழக்கமாகக் கடைசியில் அட்டவணையாக வரும். படம் வரும் வரிசையில் மொழிபெயர்க்கிறவர், சொற்களின் பொருள் இருக்கும் பக்கத்தைக் கடைசியில்தான் பார்க்கப்போகிறார்.

இதற்கு விடையாகச் சிலர் சொற்பட்டியலைக் காட்டுவார்கள். அரசின் ஆட்சிச் சொல்லகராதி இருக்கிறது, சட்டச் சொல்லகராதி இருக்கிறது. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று பிடித்துக்கொண்டால் எந்தப் படம் எப்போது வந்தாலும் கவலையில்லை என்பது அவர்கள் கட்சி. அகராதி வேண்டும், நானும் அதில்லாமல் உட்காருவதில்லை. ஆனால் அகராதி ஒரு சொல்லுக்கு என்னென்ன பொருள் கூடும் என்று சொல்லும். இந்தப் பத்திரத்தில் அது எது என்று சொல்லாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 105-ஆம் பிரிவில் குத்தகைக்கு இலக்கணம் சொல்லும்போது, அதற்காகக் கொடுக்கப்படும் விலையைப் 'பிரீமியம்' என்கிறது. நம் பத்திரத்தில் ஏழாவது படத்தில் அந்தப் பொருளில் அந்தச் சொல் வருகிறது, திருப்பித் தராத ஒரு தொகையாக. இருபத்தொன்றாவது படத்தில் தீக்காப்பீட்டுக்குக் கட்ட வேண்டிய 'பிரீமியம்' வருகிறது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால் இரண்டில் ஒன்று பொய்யாகும். 'லீஸ்' என்ற சொல்லையே அப்படியே எழுதிவிடலாம், எல்லாருக்கும் தெரியும் என்பவர்களும் உண்டு. நம் நகரங்களில் 'வீடு லீஸுக்கு' என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலிசெய்யும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. இந்தப் பத்திரத்தில் மாதம் 60,000 ரூபாய் வாடகை இருக்கிறது. பெரியவர் 'லீஸ்' என்று வாசித்தால் அவர் மனத்தில் விழுவது வேறு ஏற்பாடு.

நான் சொல்லும் முறை இதுதான். ஒரு வரிகூட மொழிபெயர்க்கும் முன் எல்லாப் படங்களையும் வாங்கி அடுக்க வேண்டும். கோப்பின் பெயரை நம்பி அடுக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த படம் `IMG-20240614-WA0023.jpg` என்பது போன்ற பெயரோடு இருக்கும். அதிலுள்ள எண் படம் வந்திறங்கிய வரிசை, பக்கத்தின் வரிசை அல்ல. பேரன் இரண்டாம் தடவை தெளிவாக எடுத்து அனுப்பிய மூன்றாம் பக்கத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட எண் இருக்கும். பதிவான பத்திரம் என்றால் ஒவ்வொரு தாளிலும் சார்பதிவாளர் அலுவலகம் ஆவண எண்ணையும், மொத்தம் எத்தனை தாள், இது எத்தனையாவது தாள் என்பதையும் குறித்திருக்கும். அதைப் பார்த்து அடுக்குங்கள். தாளின் பின்பக்கத்தில் பதிவுக் குறிப்புகள் இருக்கும், அவையும் வந்தனவா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு படத்தின் கடைசி வரியையும் அடுத்த படத்தின் முதல் வரியையும் சேர்த்து வாசியுங்கள். வாக்கியம் ஒட்டினால் பக்கம் தொடர்கிறது. ஒட்டாவிட்டாலும், பிரிவு 9 (இ)-க்குப் பிறகு 10 (ஆ) வந்தாலும் ஒரு தாள் விடுபட்டிருக்கிறது.

அடுக்கிய பிறகு வாசிக்கும் வரிசை வேறு. முதல் பக்கம், பொருள் விளக்கப் பிரிவு, அட்டவணைகள், இணைப்புகள், அதன்பின் நடுப்பகுதி. வாசிக்கும்போதே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும்: பத்திரத்தின் சொல், அதற்கு எந்தப் படத்தில் பொருள் சொல்லப்பட்டிருக்கிறது, வேறு எந்தெந்தப் படங்களில் வருகிறது, தமிழில் எதை வைக்கிறோம், எதை வைக்கக் கூடாது. இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் இரண்டு பொருளுக்கு ஒரு சொல் விழாமல் காக்கிறது. நம் மாதிரிக்கான வரி இப்படி இருக்கும்: செக்யூரிட்டி டெபாசிட்; பொருள் 4-இல்; வருமிடம் 4, 12, 19, 26; தமிழ் 'காப்புத்தொகை'; 'முன்பணம்' கூடாது, அது 11-இல் உள்ள அட்வான்ஸுக்கு. பெரியவருக்குக் 'காப்புத்தொகை' புதிதாக இருந்தால், முதல் தடவை வரும் இடத்தில் 'காப்புத்தொகை, அதாவது காலிசெய்யும்போது திருப்பித் தரவேண்டிய டெபாசிட்' என்று ஒரு தடவை விரித்துவிட்டால் போதும். 31 படம் உள்ள பத்திரத்துக்கு இந்தத் தாளில் 25 முதல் 30 வரி வரும். சாதாரணச் சொற்களை இதில் ஏற்ற வேண்டாம். பணம், ஆள், இடம், காலம், கடமை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் மட்டும்.

பத்திரத்தை எழுதியவரே சொல்லை மாற்றியிருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. முதல் படத்தில் 'லெஸ்ஸர்' என்றவர் இருபத்து மூன்றாவது படத்திலுள்ள இணைப்பில் 'லேண்ட்லார்ட்' என்கிறார். ஒரே ஆள்தானே என்று இரண்டையும் ஒன்றாக்கிவிடும் ஆசை வரும். இணைப்பிலேயே 'லேண்ட்லார்ட் என்பது லெஸ்ஸரைக் குறிக்கும்' என்று இருந்தால் ஒன்றாக்கலாம். இல்லையென்றால் 'குத்தகைக்கு விடுபவர்', 'நில உரிமையாளர்' என்று இரண்டாகவே விட வேண்டும். சட்ட ஆவணத்தில் சொல் மாறினால் பொருளும் மாறியிருக்கலாம் என்று வாதிட இடம் உண்டு. அந்த வாதத்தை மூடுவது மொழிபெயர்ப்பாளரின் வேலை அல்ல. சொல் ஒருமை என்று நான் சொல்வது மூலத்தின் வேறுபாடுகளையும் அப்படியே காப்பதைச் சேர்த்துத்தான்.

அவசரம் என்பார்கள். உண்மையான அவசரமும் உண்டு. மாலைக்குள் வக்கீலிடம் கொடுக்க வேண்டும், படங்கள் பிரித்துப் பிரித்துத்தான் வரும். அப்போதும் முதலில் மூன்றைக் கேளுங்கள்: முதல் தாள், பொருள் விளக்கம் உள்ள தாள், அட்டவணை. பேரனுக்கு இரண்டு நிமிட வேலை. அதற்கும் வழியில்லாமல் தொடங்கியே ஆக வேண்டுமென்றால், முக்கியச் சொற்களை வரைவில் மொழிபெயர்க்காதீர்கள். 'செக்யூரிட்டி டெபாசிட்-ஐ', 'அட்வான்ஸ்-இல்' என்று இடைக்கோடு போட்டு அப்படியே விட்டுவையுங்கள். வேறுபாடு அழியாமல் கிடக்கும். எல்லாப் படமும் வந்து தாளில் சொல் முடிவான பிறகு, இடைக்கோடு உள்ள இடங்களைத் தேடி ஒவ்வொன்றாகக் கையால், வேற்றுமையும் ஒற்றும் பார்த்து மாற்றலாம். வேலையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுப்பவர்களுக்கும் இதே விதிதான். ஒருவர் 31 படத்தையும் வாசித்துத் தாளைத் தயாரித்த பிறகே மற்ற இருவர் கையில் படங்கள் போக வேண்டும்.

முடித்ததும் சரிபார்க்கும் திசையும் மாற வேண்டும். தமிழிலிருந்து தொடங்காமல் சொற்களை எழுதிய தாளிலிருந்து தொடங்குங்கள். செக்யூரிட்டி டெபாசிட் 4, 12, 19, 26 என்று எழுதியிருந்தால், அந்த நான்கு படங்களையும் திறந்து, அவற்றுக்கான தமிழ்ப் பக்கத்தில் 'காப்புத்தொகை' இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தமிழில் 'காப்புத்தொகை' வரும் பக்கங்களை எண்ணுங்கள். ஐந்தாவதாக ஒரு பக்கம் வந்தால், ஒன்று தாளில் ஓரிடம் விட்டுப்போயிருக்கிறது, அல்லது அங்கே வேறு பணத்துக்கு இந்தச் சொல் விழுந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு சொல்லுக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். 30 சொல்லுக்கு முக்கால் மணி நேரம்.

ஒரு தாள் வரவே இல்லை, கேட்டும் கிடைக்கவில்லை என்றால் அதை மறைத்துப் பக்கங்களை ஒட்டிவிடக் கூடாது. உண்மையான மொழிபெயர்ப்பு என்று கையெழுத்திடும் சான்றில், '17-ஆம் தாளின் படம் பெறப்படவில்லை. 16-ஆம் தாளின் கடைசி வாக்கியம் முற்றுப்பெறவில்லை' என்று எழுத வேண்டும். அந்தத் தாளில் பொருள் சொல்லப்பட்டிருக்கக்கூடிய சொற்கள் எவை என்று நீங்கள் சொற்களை எழுதிய தாளைப் பார்த்தால் தெரியும்: வருமிடம் எழுதப்பட்டு, பொருளிடம் காலியாக இருப்பவை. அவற்றுக்குத் தமிழ் வைக்காமல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் விட்டு, காரணத்தையும் அந்தச் சான்றிலேயே ஒரு வரியில் குறிப்பிடுங்கள். பின்னால் 17-ஆம் தாள் வந்து சேரும்போது எந்தெந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பது அந்த வரியில் இருக்கும்.